மாறுபாட்டிலிருந்து மூல அளவுக்கு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்தை எட்டுவதற்கு முன்னர் வருவது படப்பை. ஏரிப்பாசன வேளாண்மையை நம்பியிருந்த சிற்றூர்கள் பல இச்சாலையை ஒட்டி இருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. பெரிய ஆலைகள் வந்த பிறகு, அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகளும் இவ்வட்டாரத்தில் பெருகின. ஒரு மகிழுந்தின் இருக்கைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ‘பிராக்கெட்’ எனப்படும் தாங்கி, இத்தகைய பட்டறையொன்றில் எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி வளைக்கப்பட்டதாக இருக்கக்கூடும்.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றைக் கணக்கிற்காகக் கற்பித்துக்கொள்ளலாம். எட்டுத் தொழிலாளர்கள், மூன்று அழுத்து இயந்திரங்கள், தாழ்வான தரையில் அமைந்த ஒரு கிடங்கு. கார்த்திகை மாத மழையில் கிடங்கிற்குள் நீர் புகுந்து, சரக்குப் பதிவேடும் வருகைப் பதிவேடும் ஊறி அழிந்துவிட்டன. எஞ்சியவை, கணக்கர் மாத முடிவில் அணியப்படுத்திய ஒற்றைத்தாள் சுருக்கமும் அலுவலக அறையில் இருந்த சில சீட்டுகளும் மட்டுமே. சுருக்கத்தில் மொத்தத் தொகைகளும் மாறுபாடுகளும் உள்ளன. எத்தனை கிலோ தகடு செலவாயிற்று, எத்தனை மணி நேரம் உழைப்பு நடந்தது, கிலோவுக்கு என்ன விலை எதிர்பார்க்கப்பட்டது என்பன அதில் இல்லை.

தகட்டுப் பயன்பாட்டில் 25,600 ரூபாயும் கூலியில் 20,800 ரூபாயும் பாதகம் என்று அத்தாள் காட்டுகிறது. இரண்டையும் கூட்டினால் 46,400 ரூபாய். இது தொழிலாளரின் கவனக்குறைவாலும் மந்தத்தாலும் வந்த இழப்பு என்று கருதும் நிருவாகம், அம்மாத ஊக்கத்தொகையை நிறுத்த எண்ணுகிறது. அவ்வாறு கருதுவது சரியா என்று ஆராய, ரூபாயாகச் சுருங்கிவிட்ட எண்களை மீண்டும் கிலோவாகவும் மணியாகவும் விரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று படிகள்

தர அடக்கவியலில் ‘தரம்’ என்னும் சொல் உயர்வு தாழ்வைக் குறிப்பதன்று. உற்பத்தி தொடங்குமுன் அளவுகோலாக வரையறுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். ஒரு பொருளுக்கு இவ்வளவு மூலப்பொருள் ஆகலாம் என வரையறுப்பது தர அளவு; அதனை இவ்விலைக்கு வாங்கலாம் என வரையறுப்பது தர விலை. உண்மையில் ஆன அளவும் கொடுத்த விலையும் இவற்றிலிருந்து விலகும்போது அவ்விலகலை ரூபாயில் கூறுவது மாறுபாடு. 1918ஆம் ஆண்டில் ஜி. சார்ட்டர் ஹாரிசன் என்பவர் இம்மாறுபாடுகளைப் பிரித்தறிவதற்கான சூத்திரங்களை வெளியிட்டார். இன்றைய பாடநூல்களில் காணப்படும் சூத்திரங்கள் அம்மரபில் வந்தவையே.

சூத்திரங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்த மாணவர், விடை கொடுக்கப்பட்டு வினாவைக் கேட்கும்போது தடுமாறுவர். காரணம், சூத்திரங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை அவர்கள் காணாமையே. விலை மாறுபாடும் பயன்பாட்டு மாறுபாடும் உண்மையில் ஒரே ஏணியின் இரண்டு இடைவெளிகள். அந்த ஏணிக்கு மூன்று படிகள் உண்டு.

முதற்படி: உண்மை அளவு × உண்மை விலை
இரண்டாம் படி: உண்மை அளவு × தர விலை
மூன்றாம் படி: தர அளவு × தர விலை

முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையில் மாறுவது விலை மட்டுமே. ஆகவே அந்த இடைவெளி விலை மாறுபாடு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் மாறுவது அளவு மட்டுமே. ஆகவே அது பயன்பாட்டு மாறுபாடு. நடுப்படி இரண்டு மாறுபாடுகளுக்கும் பொதுவானது. பின்னோக்கிக் கணக்கிடும் வழி இந்த நடுப்படியின் வழியாகவே செல்கிறது.

இங்குத் தர அளவு என்பது உண்மையில் உற்பத்தியான எண்ணிக்கைக்கு ஆகியிருக்க வேண்டிய அளவே தவிர, மாதத் தொடக்கத்தில் திட்டமிட்ட எண்ணிக்கைக்கு உரியதன்று. 10,000 தாங்கிகள் செய்யத் திட்டமிட்டு 8,000 செய்திருந்தால், 8,000 தாங்கிகளுக்குரிய தகட்டையே தர அளவாகக் கொள்ளுதல் வேண்டும்.

தகட்டின் கணக்கு

சுருக்கத் தாளில் தகட்டைப் பற்றி உள்ளவை மூன்று செய்திகள். செலவான தகட்டின் மொத்த அடக்கம் 6,91,600 ரூபாய். விலை மாறுபாடு 26,000 ரூபாய், பாதகம். பயன்பாட்டு மாறுபாடு 25,600 ரூபாய், பாதகம். இவற்றோடு, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட தாங்கிகள் 8,000 என்பது டெலிவரி சலான்களிலிருந்தும், ஒரு தாங்கிக்கு 1.25 கிலோ தகடு என்பது வரைபடத்தோடு இணைத்த செயல்முறைத் தாளிலிருந்தும் தெரிகின்றன.

பாதகம் என்றால் ஏணியின் மேற்படி கீழ்ப்படியைவிடப் பெரியது. மேலிருந்து கீழே இறங்கும்போது பாதகமான மாறுபாட்டைக் கழிக்க வேண்டும். சாதகமானதைக் கூட்ட வேண்டும்.

முதற்படி: 6,91,600
இரண்டாம் படி: 6,91,600 − 26,000 = 6,65,600
மூன்றாம் படி: 6,65,600 − 25,600 = 6,40,000

இதுவரை கிடைத்தவை அனைத்தும் ரூபாய்த் தொகைகளே. ஒவ்வொன்றும் ஓர் அளவும் ஒரு விலையும் பெருக்கிய பெருக்கற்பலன். அவற்றைப் பிரிக்க ஏதேனும் ஒரு திறவுகோல் தேவை. அது செயல்முறைத் தாளில் இருக்கிறது. 8,000 தாங்கிகளுக்கு 1.25 கிலோ வீதம் தர அளவு 10,000 கிலோ. மூன்றாம் படியை இதனால் வகுத்தால் தர விலை கிலோவுக்கு 64 ரூபாய் எனப் பெறப்படும். அதே தர விலை இரண்டாம் படியிலும் இருக்கிறது. 6,65,600ஐ 64ஆல் வகுக்க, உண்மை அளவு 10,400 கிலோ. அவ்வுண்மை அளவு முதற்படியிலும் இருக்கிறது. 6,91,600ஐ 10,400ஆல் வகுக்க, உண்மை விலை 66.50 ரூபாய். கீழ்ப்படியில் நுழைந்த திறவுகோல் ஒவ்வொரு படியாக மேலேறி முழு ஏணியையும் திறந்துவிடுகிறது.

குறியைத் தவறாகக் கொண்டால் என்ன நேரும்? பயன்பாட்டு மாறுபாட்டைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டதாகக் கொள்வோமாயின், மூன்றாம் படி 6,91,200 ஆகும். தர விலை 69.12 ரூபாய்; உண்மை அளவு ஏறத்தாழ 9,630 கிலோ. இவ்விடை தன்னையே மறுக்கிறது. தர அளவு 10,000 கிலோவாக இருக்க, அதைவிடக் குறைவாகச் செலவானதாகக் காட்டிவிட்டு, பயன்பாடு பாதகம் என்று கூற இயலாது. விடை கிடைத்ததும் சாதக பாதகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வகைப் பிழை அக்கணமே வெளிப்படும்.

எத்தனைச் செய்திகள் வேண்டும்?

இந்த ஏணியில் நான்கு அளவுகள் ஒளிந்துள்ளன: உண்மை அளவு, உண்மை விலை, தர அளவு, தர விலை. நான்கையும் காண ஒன்றையொன்று சாராத நான்கு செய்திகள் வேண்டும். மேலே இருந்தவை மொத்த அடக்கம், விலை மாறுபாடு, பயன்பாட்டு மாறுபாடு, தர அளவு ஆகிய நான்கு. அதனால் கணக்கு முடிந்தது.

சில வினாக்களில் மொத்த மாறுபாடும் கொடுக்கப்பட்டிருக்கும். இங்கு அது 51,600 ரூபாய். அதைக் கண்டதும் ஐந்தாவது செய்தி கிடைத்ததாக மாணவர் மகிழ்வதுண்டு. ஆனால் 26,000உம் 25,600உம் கூடியதே 51,600. இரண்டும் தெரிந்தவருக்கு மூன்றாவது புதிதாக எதையும் சொல்வதில்லை. செயல்முறைத் தாளும் மழையில் அழிந்து தர அளவு தெரியாமற் போயிருந்தால், மொத்த மாறுபாட்டை வைத்துக்கொண்டு எத்தனை முறை சமன்பாடுகளை மாற்றி எழுதினாலும் 0 = 0 என்பதிலேயே வந்து நிற்க நேரிடும். அத்தகைய நிலையில் தேட வேண்டியது இன்னொரு ரூபாய்த் தொகையை அன்று. ஒரு கிலோ எண்ணையோ, ஒரு கிலோவின் விலையையோ ஆகும். விலை வேறுபாடு தெரிந்தாலும் போதும். உண்மை விலை தர விலையைவிட 2.50 ரூபாய் கூடுதல் என்று கொள்முதல் கடிதம் ஒன்று கூறுமானால், 26,000ஐ 2.50ஆல் வகுத்து 10,400 கிலோவை நேரே பெற்றுவிடலாம்.

சரிபோலத் தோன்றும் பிழை

குறிப்பிழை எளிதில் அகப்படும். அகப்படாத பிழை ஒன்று உண்டு. பட்டறைகள் பலவற்றில் விலை மாறுபாட்டைத் தகடு செலவாகும்போது கணக்கிடுவதில்லை, வாங்கும்போதே கணக்கிட்டுவிடுவர். கூடுதல் விலை கொடுக்கப்பட்டதை உடனே அறிய அது உதவும். ஆனால் வாங்கிய அளவும் செலவான அளவும் ஒன்றாக இருப்பது அரிது.

அம்மாதம் 12,000 கிலோ வாங்கி அதில் 10,400 கிலோ செலவாகியிருந்தால், வாங்கிய அளவின் மீதான விலை மாறுபாடு 30,000 ரூபாய் ஆகும். சுருக்கத் தாளில் அந்த எண் இருந்து, அதைச் செலவான தகட்டின் அடக்கத்திலிருந்து மாணவர் கழித்துவிட்டால், நடுப்படி 6,61,600 என்றும் மூன்றாம் படி 6,36,000 என்றும் வரும். தர விலை 63.60 ரூபாய். உண்மை அளவு ஏறத்தாழ 10,402.5 கிலோ. உண்மை விலை ஏறத்தாழ 66.48 ரூபாய்.

இவ்விடையில் ஐயுறத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. உண்மை அளவு தர அளவைவிடக் கூடுதல். உண்மை விலையும் தர விலையைவிடக் கூடுதல். மாறுபாடுகளை மீண்டும் முன்னோக்கிக் கணக்கிட்டால் அவையும் பொருந்தும். ஏணிக்குள்ளேயே நின்று சரிபார்ப்பவரால் இதைக் கண்டுபிடிக்க இயலாது. தகட்டு வணிகரின் விலைப்பட்டியலில் கிலோ 66.50 என்று அச்சிட்டிருப்பதைப் பார்ப்பவரே 66.48 என்னும் எண் தவறு என்று அறிவார். இரண்டு காசு வேறுபாடுதானே என்று அதைத் தள்ளிவிட்டால், நாற்பது காசு பிழைபட்ட தர விலை அடுத்த ஆணைக்கான விலைக் கணக்கிலும் ஏறி அமர்ந்துகொள்ளும். எனவே பின்னோக்கிக் கணக்கிடத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதல் வினா, இந்த விலை மாறுபாடு எந்த அளவின் மீது கணக்கிடப்பட்டது என்பதாகும். படப்பைப் பட்டறையின் தாளில் ‘செலவான அளவின் மீது’ என்ற குறிப்பு இருப்பதால் 26,000ஐ ஐயமின்றிப் பயன்படுத்த முடிகிறது.

கழிவு இரும்பின் சான்று

தர அளவைவிட 400 கிலோ கூடுதலாகச் செலவாகியுள்ளது. 25,600 ரூபாய் என்று கேட்கும்போது எழாத வினா, 400 கிலோ என்று கேட்டவுடன் எழுகிறது. அந்தத் தகடு எங்கே போயிற்று?

எஃகுத் தகடு மறைந்துபோகும் பொருளன்று. 1.25 கிலோ தகட்டிலிருந்து வெளிவரும் தாங்கியின் எடை 0.95 கிலோ. எஞ்சிய 0.30 கிலோ, வெட்டிய ஓரமாகவும் துளையிட்ட வில்லையாகவும் கழிவுத் தொட்டியில் விழும். 8,000 தாங்கிகள் 7,600 கிலோ எடையுடன் வாடிக்கையாளரிடம் சென்றன. செலவானது 10,400 கிலோ என்றால் கழிவு 2,800 கிலோ இருக்க வேண்டும். கிடங்கில் 400 கிலோ திருட்டுப் போயிருந்தாலோ, வணிகர் எடை குறைத்து அனுப்பியிருந்தாலோ கழிவு 2,400 கிலோவாகவே நின்றிருக்கும்.

அலுவலக அறையில் தப்பிய சீட்டுகளுள் பழைய இரும்பு வணிகருக்குக் கழிவை விற்ற எடைச்சீட்டும் ஒன்று. அதில் ஓரங்களும் வில்லைகளும் 2,490 கிலோ, தள்ளுபடித் தாங்கிகள் 300 கிலோ, ஆக 2,790 கிலோ என்றுள்ளது. கணக்கின்படி வர வேண்டியதற்கும் இதற்கும் 10 கிலோவே வேறுபாடு. வண்டியோடு நிறுக்கும் எடைமேடையில் இவ்வளவு வேறுபாடு இயல்பானதே. பின்னோக்கிக் கண்ட 10,400 கிலோவை, அந்தக் கணக்கோடு தொடர்பேதும் இல்லாத ஒரு சீட்டு உறுதிப்படுத்திவிட்டது.

அச்சீட்டு இன்னொன்றையும் கூறுகிறது. கூடுதலாகச் செலவான 400 கிலோவை ஒரு தாங்கிக்கு 1.25 கிலோ வீதம் வகுத்தால் 320 தாங்கிகள். அவை முழுவதும் செய்யப்பட்டுப் பின்னர் தள்ளப்பட்டிருந்தால், 0.95 கிலோ வீதம் தள்ளுபடித் தாங்கிகள் 304 கிலோ இருக்க வேண்டும். சீட்டில் 300 உள்ளது. தகட்டை ஒழுங்கின்றி வெட்டி ஓரங்களில் வீணாக்கியிருந்தால் தள்ளுபடித் தாங்கிகள் இவ்வளவு இரா, ஓரக்கழிவே பெருகியிருக்கும். ஆகவே பட்டறை அம்மாதம் 8,000 தாங்கிகளை அன்று, 8,320 தாங்கிகளைச் செய்திருக்கிறது. அவற்றுள் 320 தாங்கிகள் ஆய்வில் தேறாமல் சிவப்புப் பெட்டிக்குச் சென்றுள்ளன.

உழைப்பின் கணக்கு

இனிக் கூலிக்கு வரலாம். ஏணி அதுவே, கிலோவின் இடத்தில் மணியும், விலையின் இடத்தில் மணிக்கூலி விகிதமும் வந்து அமரும். நடுவில் ஒரு படி மட்டும் கூடும். கூலி கொடுத்த மணிகள் அனைத்தும் வேலை நடந்த மணிகள் அல்ல. மின்சாரம் நின்றாலோ, தகடு வந்து சேராவிட்டாலோ தொழிலாளர் காத்திருப்பர்; அந்நேரத்திற்கும் கூலி உண்டு. இதனைப் பிரித்துக் காட்டுவது வீண்நேர மாறுபாடு.

சுருக்கத் தாளின்படி கொடுத்த கூலி 1,28,800 ரூபாய். கூலி விகித மாறுபாடு 2,800, வீண்நேர மாறுபாடு 7,200, திறன் மாறுபாடு 10,800, மூன்றும் பாதகம். முன்போலவே இறங்கலாம்.

கொடுத்த மணி × உண்மை விகிதம்: 1,28,800
கொடுத்த மணி × தர விகிதம்: 1,28,800 − 2,800 = 1,26,000
வேலை செய்த மணி × தர விகிதம்: 1,26,000 − 7,200 = 1,18,800
தர மணி × தர விகிதம்: 1,18,800 − 10,800 = 1,08,000

இங்கே தர விகிதமும் தெரியாது. தர மணியும் தெரியாது. ஒரு தாங்கிக்கு எத்தனை நிமிடம் என வரையறுத்த தாள் வருகைப் பதிவேட்டோடு அழிந்துவிட்டது. திறவுகோல் எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. மின்தடையால் இயந்திரங்கள் நின்ற நேரம் அம்மாதம் மொத்தம் 10 மணி எனக் காவலரின் குறிப்பேடு கூறுகிறது.

7,200ஐ 10ஆல் வகுத்தால் 720 ரூபாய். இது மணிக்கூலியாக இருக்க முடியுமா? அவ்விகிதத்தில் எட்டு மணி வேலைக்கு நாளொன்றுக்கு 5,760 ரூபாய் ஆகும். அழுத்து இயந்திரப் பட்டறையில் அப்படிக் கூலி கிடையாது. மேலும் 1,26,000ஐ 720ஆல் வகுத்தால் மொத்த உழைப்பு 175 மணி என வரும். அது ஒருவர் ஒரு மாதத்தில் செய்யக்கூடிய வேலையே. பிழை எங்கே என்பது இப்போது புலனாகும். நின்றது இயந்திரம் 10 மணி நேரம். ஆனால் காத்திருந்தவர்கள் எட்டுப் பேர். கூலிக் கணக்கில் மணி என்பது ஆள்மணி. எனவே வீண்நேரம் 80 ஆள்மணி. தர விகிதம் மணிக்கு 90 ரூபாய்.

ஏணியின் நடுவில் நுழைந்த இந்தத் திறவுகோல் மேலும் கீழும் திறக்கிறது. கொடுத்த மணி 1,400. உண்மை விகிதம் 92 ரூபாய். வேலை செய்த மணி 1,320. தர மணி 1,200. அதனை 8,000 தாங்கிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு தாங்கிக்கு 0.15 மணி, அதாவது 9 நிமிடம். அழிந்துபோன தாளில் எழுதியிருந்த தர நேரம் இதுவே. எட்டுப் பேருக்கு 1,400 மணி என்றால் தலைக்கு 175 மணி, ஏறத்தாழ இருபத்திரண்டு வேலை நாள்கள். ஒரு மாதத்திற்கு அது பொருந்தி வருகிறது.

இருபதாயிரத்து எண்ணூறு ரூபாயின் பங்கீடு

கூலியில் காணப்பட்ட பாதகம் 20,800 ரூபாயை இப்போது பிரித்துப் பார்க்கலாம். மணிக்கு 2 ரூபாய் கூடுதல் விகிதத்தால் வந்தது 2,800 ரூபாய். விகிதத்தை முடிவு செய்வது நிருவாகமே. இயந்திரத்தின் முன் நிற்பவர் அல்லர். மின்தடையால் வந்தது 7,200 ரூபாய். அதற்கும் தொழிலாளருக்கும் தொடர்பில்லை. ஆக 10,000 ரூபாய் முதலிலேயே விலகிவிடுகிறது.

எஞ்சியது திறன் மாறுபாடு 10,800 ரூபாய். மணியில் சொன்னால் 120 மணி. இதில் தகட்டுக் கணக்கு துணைக்கு வருகிறது. தர மணி 8,000 நல்ல தாங்கிகளுக்கே கணக்கிடப்பட்டது. ஆனால் தொழிலாளர் 8,320 தாங்கிகளைச் செய்தனர். தள்ளப்பட்ட 320க்கும் 9 நிமிட வீதம் 48 மணி ஆகியிருக்கும், ரூபாயில் 4,320. அந்த மணிகளில் அவர்கள் மந்தமாக வேலை செய்ததாகக் கூற இயலாது. வழக்கமான வேகத்தில் செய்தும் பொருள் தேறவில்லை என்பதே உண்மை.

48 மணி என்பது மேல்வரம்பு என்பதையும் குறிப்பிட வேண்டும். தாங்கிகள் எல்லா வேலைகளும் முடிந்தபின் இறுதி ஆய்வில் தள்ளப்பட்டிருந்தால்தான் முழு 9 நிமிடமும் வீணாகும். முதல் வெட்டிலேயே தள்ளப்பட்டிருந்தால் சில நிமிடங்களே வீணாகியிருக்கும். மீதி மணிகளுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். எடைச்சீட்டில் ‘தள்ளுபடித் தாங்கிகள்’ 0.95 கிலோ எடைக்கு ஒத்து வருவதால், அவை வெட்டியும் துளையிட்டும் முடிக்கப்பட்டவை என்பது வரையில் உறுதி. வளைத்தல் வேலை முடிந்ததா என்பதை எடை காட்டாது. வளைத்தாலும் எடை குறைவதில்லை.

இறுதியில் நிற்பது 72 மணி, ரூபாயில் 6,480. தொழிலாளரின் வேகத்தை ஐயுற இடமுள்ளது இந்தப் பகுதியில் மட்டுமே. நிருவாகம் கருதிய 46,400 ரூபாயில் இது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. 8,320 தாங்கிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அரை நிமிடம் கூடுதலாகியுள்ளது.

அந்த அரை நிமிடம் ஏன் ஆயிற்று என்பதை எந்த ஏணியும் கூறாது. மாறுபாடு, எவ்வளவு என்பதைக் காட்டும். எதனால் என்பதைக் காட்டுவதில்லை. ஆயினும் எங்கே தேட வேண்டும் என்பதற்கு இங்கு ஒரு குறிப்பு இருக்கிறது. தள்ளுபடியும் கூடுதல் நேரமும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்துள்ளன. பட்டறையில் ‘டை’ என்று வழங்கும் வெட்டச்சின் விளிம்பு மழுங்கினால், தகடு சீராக அறுபடாமல் ஓரத்தில் பிசிறு எழும். பிசிறு அளவுக்கு மீறினால் தாங்கி தள்ளப்படும்; மீறாதபோது அரத்தால் ராவி நீக்க வேண்டும், அதற்குத் தாங்கிக்குச் சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை பிடிக்கும். புதிதாக வந்த ஒருவரின் பழக்கமின்மையாலும் இவ்விரண்டும் சேர்ந்து நிகழக்கூடும். தகட்டின் கனம் மாறியதாலும் நிகழக்கூடும்.

மூன்றையும் வேறுபடுத்தும் வழி உண்டு. அச்சு மழுங்கியிருந்தால் தள்ளுபடி நாளுக்கு நாள் ஏறி, அச்சைத் தீட்டிய மறுநாள் சட்டென இறங்கும். புதியவர் காரணமானால் தொடக்கத்தில் மிகுந்து பின்னர் மெல்லக் குறையும். தகடு காரணமானால் ஒரு குறிப்பிட்ட சுருளை ஏற்றிய நாளில் தொடங்கி, அது தீர்ந்த நாளில் நின்றுவிடும். மாதத்திற்கு ஒரே எண்ணாகத் திரட்டிய சுருக்கத் தாளிலிருந்து இதைப் பிரித்தெடுக்க முடியாது. வெட்டச்சு எத்தனை ஆயிரம் அடிக்குப் பின் எந்த நாளில் தீட்டப்பட்டது என்பதை எழுதிவைக்கும் கருவி அறைப் பதிவேட்டையும், டெலிவரி சலான்களின் நாள்வாரி எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே, ஊக்கத்தொகையைப் பற்றிய முடிவை எடுக்க இயலும்.